கைபிடித்து நடத்தியவரே வழியை மறிக்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடங்களின் தூண், உத்தரம், அடித்தளம் ஆகியவற்றுக்குக் கணக்கு போடுவது என் தொழில். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவரிடம் ஏழு ஆண்டுகள் இருந்தேன். கடைசி இரண்டு ஆண்டுகள் அவரே எனக்குத் தடையாக இருந்தார். விலகினேன், ஆனால் அதற்கான முதல் முயற்சி மிக மோசமாகப் போனது. அதன் பிறகு இதே சிக்கலுடன் வந்த இளையவர்கள் என்னிடம் கேட்டவை இவை. பெரும்பாலும் பணியிடத்து வழிகாட்டிகளைப் பற்றியே பேசுகிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

அவர் இயல்பிலேயே கண்டிப்பானவர். என் நன்மைக்காக நிறுத்திவைக்கிறாரா, என்னைத் தடுக்கிறாரா என்றே எனக்குப் புரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பேச்சின் கடுமையை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். கடுமையாகப் பேசி வளர்த்துவிட்டவர்களும் உண்டு, தேனாகப் பேசியே பத்து ஆண்டுகள் ஓரிடத்தில் உட்காரவைத்தவர்களும் உண்டு. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வேலையை நான் தனியாகச் செய்ய வேண்டுமானால், அதற்கு முன் என்னிடம் நீங்கள் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள்?"

கண்டிப்பானவர் இதற்கு ஒரு நிபந்தனை சொல்வார். அது கடினமாக இருக்கலாம், ஆனால் நிறைவேற்ற முடிந்ததாக இருக்கும். நிறைவேற்றியதும் கதவைத் திறந்துவிடுவார். தடுப்பவரும் நிபந்தனைதான் சொல்வார். நீங்கள் அதை முடித்ததும் வேறொன்று முளைக்கும்.

என் கதையையே சொல்கிறேன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், வடிவமைத்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். ஐந்தாம் ஆண்டிலும் என் பெயர் முதல் வரியிலேயே இருந்தது; கணக்கு முழுவதையும் நானே போட்டிருந்தாலும் இரண்டாம் வரியில் அவர் பெயர்தான். சிறிய கட்டடங்களுக்காவது வடிவமைத்தவராக என் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். தொடர்ந்து மூன்று வேலைகள் பிழையில்லாமல் வரட்டும் என்றார். வந்தன. நிலநடுக்கத்துக்கான கணக்கும் தெரிய வேண்டும் என்றார். எட்டு மாதம் படித்துக் காட்டினேன். கட்டட உரிமையாளரிடம் பேசத் தெரிய வேண்டும் என்றார். சரி, அடுத்த கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போங்கள் என்றேன். அழைத்துப் போகவே இல்லை.

இந்த மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள். அவர் அனுமதித்தால்தான் என்னால் அதை நிறைவேற்ற முடியும். பூட்டைக் காட்டிவிட்டுச் சாவியைத் தம் மடியிலேயே வைத்திருந்தார். இப்படி ஒரு நிபந்தனை வந்துவிட்டால் அதன் பிறகு எனக்கு ஐயம் இருப்பதில்லை.

இன்னொரு சோதனையும் செய்து பார்த்தேன். ஒரு வேலையில் அவர் சிவப்பு மையால் போட்ட திருத்தங்களை எண்ணினேன். மொத்தம் நாற்பத்தொன்று. அவற்றில் மூன்றுதான் கம்பியின் அளவையோ சுமையின் கணக்கையோ மாற்றியவை. மற்றவை எழுத்தின் பருமன், குறிப்பை எந்தப் பக்கம் எழுதுவது என்ற வகை. முதல் ஆண்டில் இந்த விகிதம் தலைகீழாக இருந்தது. திருத்தங்களின் எண்ணிக்கை குறையாமல் அவற்றின் கனம் மட்டும் குறைந்துகொண்டே போனால், சரிபார்ப்பது பழக்கமாகிவிட்டது என்று பொருள்.

என்னை இந்த அளவுக்குத் தூக்கிவிட்டவரே அவர்தான். அப்படிப்பட்டவர் ஏன் திடீரென்று இப்படி மாறினார்?

பெரும்பாலும் அவர் மாறியிருக்க மாட்டார். நீங்கள்தான் மாறியிருப்பீர்கள், உறவு பழைய இடத்திலேயே நின்றுவிட்டிருக்கும்.

கேத்தி கிராம் என்ற ஆய்வாளர் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தில் வழிகாட்டியும் இளையவருமாகப் பதினெட்டு இணைகளை ஆராய்ந்து 1983-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்த உறவு தொடக்கம், வளர்ப்பு, பிரிவு, மறுவரையறை என்று நான்கு கட்டங்களாக நகர்கிறது என்பது அவர் கண்டது. வளர்ப்புக் கட்டம் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள் வரை நீடிக்கும். அதை அடுத்து வரும் பிரிவு, பழுதான உறவில் மட்டுமல்ல, நல்ல உறவிலும் வரும். இதைப் படித்தபோது என் மனப்பாரம் பாதி இறங்கியது. எனக்கு நேர்ந்தது துரோகம் என்று நினைத்திருந்தேன். ஐந்தாம் ஆண்டில் வரவேண்டிய ஒன்று ஏழாம் ஆண்டில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த காரணம் கொஞ்சம் சில்லறைத்தனமானது, ஆனால் நான் பார்த்தவற்றில் இதுதான் அதிகம். நீங்கள் மேலே போனால் இப்போது நீங்கள் செய்துகொண்டிருக்கும் வேலையை யார் செய்வது? எங்கள் அலுவலகத்தில் கட்டடக் கலைஞர் ஒரு சுவரை நகர்த்தினால் இருபது வரைபடங்களைத் திருத்த வேண்டியிருக்கும். அதை இரவோடு இரவாக முடித்துக் கொடுப்பவன் நான். என்னை வடிவமைப்பாளனாக்கியிருந்தால் அந்த இரவுகள் அவர் தலையில் விழுந்திருக்கும். அவர் மனத்தில் தீய எண்ணம் ஏதும் இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. என்னை வைத்துத் தம் நாளை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். அந்த ஒழுங்கு கலையக்கூடாது என்று அவர் கை தானாகவே என்னைப் பிடித்துக்கொண்டது.

பொறாமை என்று நேரடியாகச் சொல்லிவிட வேண்டியதுதானே?

இருக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு உங்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பொறாமையாக இருந்தாலும், அச்சமாக இருந்தாலும், சோம்பலாக இருந்தாலும் நீங்கள் எடுத்துவைக்க வேண்டிய அடி ஒன்றேதான். அவர் மனத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தே ஓர் ஆண்டைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும்.

பெரிய பெரிய ஆட்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

மைக்கேல் ஃபாரடே, ஹம்ப்ரி டேவி கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஃபாரடே புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சி பெற்றவர், பெரிய படிப்பு இல்லாதவர். 1813-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவரைத் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டவர் டேவி. அன்று ஐரோப்பாவே அறிந்த வேதியியலாளர். அடுத்து, ஐரோப்பியப் பயணம் ஒன்றுக்கும் அவரை உடன் அழைத்துப் போனார். ஃபாரடேவின் அறிவியல் வாழ்க்கை டேவியின் கதவு வழியாகத்தான் தொடங்கியது.

1821-இல் மின்சாரத்தைக் கொண்டு தொடர்ந்து சுழலும் இயக்கத்தை ஃபாரடே செய்து காட்டினார். அதே திசையில் வில்லியம் வொல்லஸ்டன் என்ற மூத்த அறிஞரும் டேவியும் முன்பே முயன்றிருந்தார்கள். அவர்களைக் குறிப்பிடாமல் ஃபாரடே அவசரமாகக் கட்டுரையை வெளியிட்டுவிட்டார். பிறர் கருத்தை எடுத்துக்கொண்டார் என்ற பேச்சு கிளம்பியது. 1823-இல் குளோரின் வாயுவை ஃபாரடே திரவமாக்கினார். அந்தக் கட்டுரையின் முடிவில் டேவி தம் பங்கைச் சொல்லும் குறிப்பு ஒன்றைச் சேர்த்தார். அதே ஆண்டு ராயல் சொசைட்டி உறுப்பினராக ஃபாரடேயின் பெயரை நண்பர்கள் முன்மொழிந்தார்கள். அப்போது அந்தச் சங்கத்தின் தலைவர் டேவியேதான், அவர் எதிர்த்தார்.

ஃபாரடே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி, அந்த முன்மொழிவைத் திரும்பப் பெறும்படி டேவி சொன்னாராம். அதை வைத்தவன் நான் அல்லன், என்னை முன்மொழிந்தவர்கள் என்றார் ஃபாரடே. அப்படியானால் அவர்களைத் திரும்பப் பெறச் சொல் என்றார் டேவி. அவர்கள் செய்யமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும் என்று பதில் வந்தது. தலைவர் என்ற முறையில் நானே எடுத்துவிடுவேன் என்றபோது, சங்கத்தின் நன்மைக்கு எது சரியென்று நினைக்கிறீர்களோ அதையே செய்வீர்கள் என்று நம்புகிறேன் என்றார் ஃபாரடே. குரலை உயர்த்தவில்லை, பின்வாங்கவும் இல்லை. 1824 ஜனவரியில் தேர்வானார்; எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு.

இதில் எனக்குப் பிடித்தது பதிலின் சாமர்த்தியம் மட்டுமல்ல. அவர் தனியாக நிற்கவில்லை. அவருடைய வேலையை அறிந்த வேறு மூத்தவர்கள் அவரை முன்மொழிந்திருந்தார்கள். வொல்லஸ்டனைப் பற்றிய குற்றச்சாட்டு வந்ததும் சுற்றி வளைக்காமல் வொல்லஸ்டனுக்கே எழுதி நேரில் விளக்கம் சொல்ல முயன்றார். தன் பக்கத்திலும் பிழை இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1829-இல் டேவி இறந்த பிறகு, தனக்கு முதல் கதவைத் திறந்தவர் என்றே அவரைப் பற்றி எழுதினார்.

எதுவும் பேசாமல் மெல்ல மெல்ல ஒதுங்கிவிட்டால் போதாதா? சண்டையே வராதே?

வழிகாட்டி வேறு ஊரிலோ வேறு நிறுவனத்திலோ இருந்து, மாதம் ஒருமுறை பேசுகிற உறவாக இருந்தால் போதும். பேச்சுகளின் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம், யாருக்கும் காயம் இருக்காது.

தினமும் பார்க்கிறவராக இருந்தால் நடக்காது. நீங்கள் ஒதுங்குவது அவருக்கு இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும். காரணம் சொல்லாததால் காரணத்தை அவரே கற்பித்துக்கொள்வார். அது பெரும்பாலும் உண்மையைவிட மோசமானதாக இருக்கும். அதைப் பிறரிடமும் சொல்வார்.

சரி, பேசுகிறேன். என்ன சொல்ல வேண்டும்? வாயைத் திறந்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நான் செய்த தவற்றை முதலில் கேளுங்கள். இரண்டு ஆண்டுக் குறைகளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருந்தேன். அதைக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் படித்தேன். முதல் மூன்று வரை அமைதியாகக் கேட்டார். நான்காவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லத் தொடங்கினார்: அந்த மாதம் வேலை நெருக்கடி, அந்தக் கணக்கில் உண்மையாகவே பிழை இருந்தது, அப்படி நான் சொல்லவே இல்லை. இரண்டு மணி நேரம் வழக்காடினோம். வெளியே வரும்போது கேட்க வந்ததைக் கேட்காமலே வந்திருந்தேன். குறிப்பேடு நீங்கள் முடிவெடுக்க உதவுவது. அதை மேசையில் வைத்தால் அவர் தம்மைக் காத்துக்கொள்வதில்தான் முனைவார்.

நான்கு மாதம் கழித்து மறுபடியும் போனேன். இம்முறை மூன்று செய்திகள் மட்டும். முதலில், அவரிடம் கற்ற ஒன்றைக் குறிப்பாகச் சொன்னேன்: "சார், கணினி தரும் விடையை நம்புவதற்கு முன் கையால் ஒருமுறை தோராயமாகப் போட்டுப் பார்க்க நீங்கள்தான் பழக்கினீர்கள். இன்றும் அதை விடவில்லை." உங்களால்தான் எல்லாம் என்ற பொத்தாம்பொதுவான நன்றி அவருக்கும் போலியாகக் கேட்கும்.

அடுத்தது முடிவு: "அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பாலங்கள் பிரிவில் சேர்ந்து வேலை செய்யப் போகிறேன். அங்கே இருப்பவரிடம் பேசிவிட்டேன்." போகலாமா என்று கேட்காதீர்கள். அனுமதி கேட்டால் மறுக்கவும் இடம் உண்டு. முடிவைச் செய்தியாகச் சொல்லுங்கள். தேதியில் மட்டும் அவர் விருப்பத்துக்கு இடம் கொடுங்கள். அவர் இரண்டு வாரம் தள்ளிக் கேட்டார், ஒப்புக்கொண்டேன். அவருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது.

மூன்றாவது, அவருக்கு என்ன ஆகும் என்பது: "வரைபடத் திருத்த வேலையைப் புதிதாக வந்த பெண்ணுக்கு ஆறு வாரம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறேன்." இதைக் கேட்டதும்தான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஏழு ஆண்டு உறவின் முடிச்சு அந்த இருபது வரைபடங்களில் இருந்தது என்று அன்றுதான் முழுமையாகப் புரிந்தது.

மொத்தம் இருபது நிமிடம் ஆகியிருக்கும். தனியறையில், சச்சரவு எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில் பேசுங்கள். அவர் உங்களைத் திட்டிய மறுநாள் போனால், நீங்கள் சொல்வதெல்லாம் அந்தத் திட்டுக்குப் பதிலாகவே கேட்கும்.

அவரே என் மேலாளர். சம்பள உயர்வும் அவர் கையில்தான். பேசினால் கதை முடிந்துவிடாதா?

வரிசையை மாற்றினால் முடிந்துவிடும். பேசுவது கடைசி அடியாக இருக்க வேண்டும். அதற்கு முன் உங்கள் வேலையை அவரைத் தவிர இன்னொரு மூத்தவராவது நேரில் பார்த்திருக்க வேண்டும். எல்லா மதிப்பீடும் ஒருவர் வழியாகவே போகும்வரை, நீங்கள் எப்படிப்பட்டவர் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிவது அவர் சொல்வதை வைத்து மட்டும்தான்.

இதைக் கள்ளத்தனமாகச் செய்ய வேண்டியதில்லை. எங்கள் தொழிலில், கணக்கைப் போட்டவரோடு தொடர்பில்லாத இன்னொருவர் சரிபார்ப்பது வழக்கத்தில் உள்ளதுதான். ஒரு கணக்கைப் பாலங்கள் பிரிவில் ஒருவரிடம் காட்டி இன்னொரு கண் பார்க்கட்டும் என்று அவரிடமே சொல்லிவிட்டுச் செய்தேன். மறுக்க அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. உங்கள் தொழிலிலும் இதற்கு ஒரு வழி இருக்கும்: இரு பிரிவுகள் சேர்ந்து செய்யும் வேலை, வேறொருவர் விடுப்பில் போகும்போது அவர் இடத்தை ஏற்பது, வாரக் கூட்டத்தில் உங்கள் பகுதியை நீங்களே சொல்வது. ஆறு மாதத்தில் இரண்டு பேர் உங்கள் வேலையை அறிந்திருந்தால் போதும்.

ஆண்டு மதிப்பீட்டுக்கு ஒரு மாதம் முன்பு இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அது முடிந்த பிறகு பேசுங்கள்.

உங்கள் நிறுவனம் மிகச் சிறியது, அவரைத் தவிர மூத்தவர் யாரும் இல்லை என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. வெளியே வேலை உறுதியான பிறகுதான் பேச வேண்டும். அதுவரை அலுவலகத்தில் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். நீங்கள் சொல்வதற்கு முன் பிறர் வாயால் அவர் கேட்டுவிட்டால், எவ்வளவு பணிவாகப் பேசினாலும் அது எடுபடாது.

நான் பேசியதும் கோபத்தில் கத்தினார். "உன்னை நான்தான் ஆளாக்கினேன்" என்கிறார். இப்போது என்ன செய்வது?

ஒப்புக்கொள்ளுங்கள். அது உண்மைதானே? "ஆமாம் சார், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் முதல் தேதியிலிருந்து மாறுகிறேன்." அவர் சொன்னதை எதிர்த்துப் பேசினால் பேச்சு கடந்த காலத்துக்குப் போய்விடும், உங்களுக்கு வேண்டியது அடுத்த மாதம். இதே வாக்கியத்தை இரண்டு முறை சொல்லலாம், மூன்றாவது முறை சொல்லத் தேவைப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மறுநாள் காலை வழக்கம்போல் வணக்கம் சொல்லி வேலையைப் பாருங்கள்.

கோபம் வேறு, பழிவாங்கல் வேறு. வாக்களித்த வேலையைப் பறிப்பது, நீங்கள் செய்ததைத் தம் பெயரில் காட்டுவது, உங்களைப் பற்றி மேலே தவறாக எழுதுவது ஆகியவை தொடங்கினால் பணிவான விலகல் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. தேதியோடு மின்னஞ்சலில் பதிவு செய்து அவருக்கு மேலே இருப்பவரிடமோ மனிதவளப் பிரிவிடமோ போக வேண்டும்.

எல்லோரும் என்னை நன்றி கெட்டவன், ஏறிய ஏணியை உதைத்தவன் என்று சொல்வார்களே?

சிலர் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். மூன்று மாதம் வரை காதில் விழுந்தது. அப்போது அவரைப் பற்றி ஒரு குறைகூட நான் வெளியே சொல்லவில்லை; நல்லவன் என்பதால் அல்ல, நான் சொல்வது மாலைக்குள் அவர் காதுக்குப் போய்விடும் என்று தெரிந்ததால். ஏன் மாறினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: பாலம் கட்டக் கற்க வேண்டும். அது பொய்யும் இல்லை.

நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. நெறியாளர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவே விடாமல் இழுத்தடிக்கிறார். எனக்கும் இதே வழிதானா?

பாதிதான் பொருந்தும். அலுவலகத்தில் பிரிவு மாறுவதைப்போல் நெறியாளரை மாற்ற முடியாது. அதற்குப் பல்கலைக்கழக விதி இருக்கும், துறைத்தலைவரின் ஒப்புதலும் ஆய்வுக் குழுவின் ஒப்புதலும் வேண்டியிருக்கலாம். அந்த விதியை வாங்கிப் படித்துவிட்டு, முதலில் இணை நெறியாளர் ஒருவரைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். முழுமையாக மாறுவதைவிட எளிது, அவர் முகமும் காப்பாற்றப்படும். வெளியிடாத தரவுகளில் யாருக்கு என்ன உரிமை, கட்டுரைகளில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதை விலகும் பேச்சுக்கு முன்பே எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள். பிறகு அதைக் கேட்டுப் பெறுவது மிகக் கடினம்.

விலகிய பிறகு அவரோடு மறுபடி நல்ல உறவு வருமா? எவ்வளவு காலம் ஆகும்?

பிரிவுக் கட்டம் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை நீடிக்கிறது என்பது முன்னே சொன்ன ஆய்வின் கணக்கு. எல்லோருக்கும் நல்லபடியாகத் திரும்பும் என்று சொல்லமாட்டேன். என் நண்பர் ஒருவரும் அவருடைய ஆசானும் ஒரே மின்தூக்கியில் இன்றும் பேசாமல்தான் போய்வருகிறார்கள்.

எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. முதல் ஆறு மாதம் நானாக எந்த அறிவுரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பழைய கயிற்றை நானே கட்டிக்கொண்டிருப்பேன். ஆறு வாரம் சொல்லிக்கொடுத்த அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஐயம் வந்தபோதெல்லாம் உதவினேன், அதை அவர் பார்த்திருக்கிறார். பிறகு ஒருநாள் அவரே தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை. பாலத்தில் வரும் நகரும் சுமையைப் போன்ற ஒன்று தம் கட்டடத்தின் வாகன நிறுத்தத் தளத்தில் வருகிறது, எப்படிக் கணக்கு போடுவாய் என்றார். சொன்னேன். பாதியை ஏற்கவில்லை. மறுநாள் அந்த வரைபடம் எனக்கு வந்தது. மூலைக் கட்டத்தில் சரிபார்த்தவர் என்ற வரி காலியாக இருந்தது.

நான்கு திருத்தங்கள் போட்டு அனுப்பினேன். மூன்றை ஏற்றுக்கொண்டார்.